இரண்டு வரிக்குள் செய்தி: நிருபருக்கு எழுதும் மின்னஞ்சலைத் திருத்திய கதை

நம் சங்கத்து நிகழ்ச்சிகளைப் பற்றி நாளிதழ்களில் ஒரு வரியும் வருவதில்லை என்ற குறை நம்மிடையே வெகு நாட்களாக உண்டு. பொதுக்குழு கூடும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். "நாம் தமிழர்கள், நமக்கு யார் இடம் கொடுப்பார்கள்" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தேநீர் வந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித் தலையாட்டியவன்தான். நாம் அனுப்பிய மின்னஞ்சல்களை வரிசையாக எடுத்துப் படித்துப் பார்த்த பிறகுதான், குறை நம் கடிதத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தது. அதில் ஒரு கடிதத்தை எப்படி உடைத்துத் திருத்தினோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் இன்னது என்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரைப் போலவே என் தந்தையாரும் வட ஆற்காட்டிலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள் முதல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட நாள் வரை எத்தனையோ ஆயிரம் பேர் அப்படி இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசுக்கு மேல். அங்கே நடந்ததையெல்லாம் என் தந்தையாரிடம் நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை. டிப்ளமா முடித்ததும் ரயில்வேயில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்விட்டேன். நான் ஓய்வு பெற்றுத் திரும்பியபோது அவர் இல்லை.

இப்படிக் கேட்காமல் விட்டவர்கள் எங்களில் ஐந்தாறு பேர் இருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சேர்ந்து, ஆழ்மட்டங்களில் வேலை செய்த, 80 வயதைத் தாண்டிய பெரியவர்களின் பட்டியல் ஒன்று எழுதினோம். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, ஊரிகம் என்று சுற்றியலைந்து 41 பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் அவர் பேச்சைப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. பதிவுக் கருவி வாங்குவது, யார் யாருடன் போவது, ஞாயிறா சனியா என்று பேசிப் பேசியே காலம் ஓடியது. கடைசியில் 23 பேரின் பேச்சு கிடைத்தது. அதைச் சங்க ஆண்டு விழாவில் வெளியிடலாம் என்று தீர்மானித்து, பெங்களூரில் உள்ள நாளிதழ்களுக்கு மின்னஞ்சல் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுதிய முதல் கடிதம் இதுதான். வெட்கப்படாமல் முழுதாகத் தருகிறேன்.

பொருள்: அழைப்பிதழ் அனுப்புதல் தொடர்பாக

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பொன்விளையும் பூமியாம் கோலார் தங்கவயலில் நெடுங்காலமாகத் தமிழ்ப்பணி ஆற்றிவரும் எமது சங்கத்தின் ஆண்டு விழாவினை முன்னிட்டு, சங்கத் தலைவர் அவர்களின் தலைமையிலும், ஊர்ப் பெரியோர்கள் முன்னிலையிலும், எதிர்வரும் பிப்ரவரி 28 அன்று மாலை 5 மணியளவில் சங்க அரங்கில் நடைபெறவிருக்கும் நிகழ்ச்சியில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் சிலரது நினைவுகள் அடங்கிய ஒலிப்பதிவு வெளியிடப்பட உள்ளதால், தாங்கள் தங்கள் மேலான நாளிதழின் நிருபரை அனுப்பி வைத்துச் சிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

அழைப்பிதழையும் ஒரு பெரிய கோப்பாக இணைத்து ஏழு நாளிதழ்களுக்கு அனுப்பினேன். பத்து நாளாகியும் ஒரு பதிலும் இல்லை.

என் நண்பர் ஒருவரின் மகள் பெங்களூரில் ஒரு நாளிதழில் நிருபராக இருக்கிறார். அவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி, என்ன தவறு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து, அன்று காலை வந்திருந்த மின்னஞ்சல் வரிசையைத் திறந்து காட்டினார். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் திரையில் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அனுப்பியவர் பெயர், பொருள் என்று நாம் எழுதும் தலைப்பு, அதன் கீழே கடிதத்தின் முதல் வரி ஒன்றோ ஒன்றரையோ. அவ்வளவுதான் கண்ணில் படும். அதைப் பார்த்துத்தான் திறப்பதா தள்ளுவதா என்று அவர் முடிவு செய்கிறார். திறந்தாலும் முதல் இரண்டு வரியில் பிடிபடவில்லையென்றால் மூடிவிடுகிறார்.

என் கடிதம் அந்தத் திரையில் எப்படித் தெரிந்தது தெரியுமா? "அழைப்பிதழ் அனுப்புதல் தொடர்பாக" என்ற தலைப்பு. அதன் கீழே "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பொன்விளையும் பூமியாம்..." அத்துடன் வெட்டுப்பட்டுவிட்டது. இதை வைத்துக்கொண்டு ஒரு நிருபர் எதைத்தான் தெரிந்துகொள்வார்? அவர் பெண் என்பது வேறு எனக்குத் தோன்றாமல் போயிற்று. 'ஐயா' என்று விளித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த நீண்ட வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 49 சொற்கள். சுரங்கத் தொழிலாளர் என்ற பேச்சு தொடங்குவதற்கு முன்பே 30 சொற்கள் கடந்துவிடுகின்றன. இதில் நம் மொழியின் அமைப்புக்கும் பங்கு இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். 'முன்னிட்டு', 'தலைமையில்', 'நடைபெறவிருக்கும்', 'உள்ளதால்' என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். இலக்கணப் பிழை எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் வரை நீட்டலாம். ஆனால் என்ன நடந்தது என்பது அதுவரை தெரியாது. மேடைப் பேச்சில் இது அழகு. கைப்பேசித் திரையில், வினைச்சொல் வந்து சேருவதற்குள் வாசகர் போய்விடுகிறார்.

எனக்கு இது புதிய பாடமாக இருந்திருக்கக் கூடாது. நான் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். தண்டவாளம் முறிந்ததைக் கண்டால் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவருக்கு முதலில் வேண்டியது எந்த இரு நிலையங்களுக்கு இடையே, எந்தக் கிலோமீட்டரில், எந்த லைனில், வண்டி போகலாமா கூடாதா என்பதுதான். "ஐயா வணக்கம், நான் இந்தச் செக்‌ஷனில் இத்தனை வருடமாகப் பணிபுரிகிறேன்" என்று தொடங்கியவனை அங்கே யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எனக்கு இருந்தும், நாளிதழுக்கு எழுத உட்கார்ந்தவுடன் விழா அழைப்பிதழின் நடை வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, வணக்கத்தையும் தலைமை, முன்னிலையையும் வெட்டிவிட்டால் போதுமா? அப்படித்தான் நான் நினைத்தேன். வெட்டியபின் மிஞ்சியது இது: "பிப்ரவரி 28 அன்று முன்னாள் சுரங்கத் தொழிலாளர் 23 பேரின் நினைவுகள் அடங்கிய ஒலிப்பதிவு வெளியிடப்படுகிறது." சுருக்கமாக இருக்கிறது. ஆனால் நிருபர் மகள் தொலைபேசியில் சொன்னார்: "அங்கிள், இது தலைப்பு. செய்தி எங்க?"

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். 'சுரங்கத் தொழிலாளர் நினைவுகள்' என்பது ஒரு பொருள். அதைப் பற்றி இன்றும் எழுதலாம், அடுத்த வருடமும் எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம். அந்தப் பொருளுக்குள் யாருக்கோ ஏதோ நேர்ந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ மாறியிருக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் அது செய்தியாகிறது. பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் 'ஆங்கிள்' என்கிறார்கள். நாம் கோணம் என்று சொல்லலாம். கோணத்தைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதை நீங்களே வந்து கண்டுபிடியுங்கள் என்று நிருபரிடம் விட்டுவிடுகிறோம். அதற்கு அவருக்கு நேரமில்லை.

கோணத்தைத் தேடிக் குழுவாக உட்கார்ந்தோம். இதில்தான் தடுக்கி விழுந்தோம். கவர்ச்சியாக ஏதாவது போட வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை வந்தது.

இளைஞர் ஒருவர், "சார், கே.ஜி.எஃப். படத்தைச் சேர்த்துடலாம், எல்லாரும் திறப்பாங்க" என்றார். 2018இலும் 2022இலும் வந்த அந்தப் படங்களால் நம் ஊர்ப் பெயர் நாடெங்கும் தெரிந்தது உண்மை. ஆனால் அந்தப் படங்களின் கதைக்கும் நம் பெரியவர்கள் பேசியதற்கும் ஒட்டும் உறவும் இல்லை. தலைப்பில் அந்தப் பெயரைப் போட்டால் கடிதம் சினிமா நிருபரிடம் போய்ச் சேரும். அல்லது வருகிற நிருபர் துப்பாக்கியும் அடிமைகளும் எங்கே என்று கேட்பார். கடிதத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு நேரில் வேறொன்றைக் கொடுத்தால் அந்த நிருபர் அடுத்த கடிதத்தைத் திறக்கவே மாட்டார்.

இன்னொரு உறுப்பினர் எழுதி வந்த வரி, "ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் பெற்ற தங்கவயலில்..." என்று தொடங்கியது. நாம் எல்லோரும் சிறு வயது முதல் கேட்டுப் பெருமைப்பட்ட வாசகம்தான். சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது உறுதியான செய்தி. அவ்வளவு தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது அந்நாளில் பெரிய சாதனை. ஆனால் டார்ஜிலிங் அருகே சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. டோக்கியோவில் அதற்கும் முன்பே மின்விளக்கு எரிந்தது. இதைச் சரிபார்க்க நிருபருக்கு ஒரு நிமிடம் போதும். முதல் வரியிலேயே ஒரு தவறு அகப்பட்டால், அடுத்து வரும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார். 'உலகின் மிக ஆழமான சுரங்கம்' என்பதும் அப்படித்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் நம்மைவிட ஆழம் போய்விட்டன. 'ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று' என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. அது பின்னால் வரும் பத்தியில் இருந்தால் போதும்.

நானும் ஒரு தவறு செய்தேன். 'தங்கவயலின் கடைசிச் சுரங்கத் தொழிலாளர்கள்' என்று எழுதிவிட்டு மகிழ்ந்து போனேன். என் மனைவிதான் பிடித்தாள். "கடைசியா? மூடினப்ப வேலையில இருந்த பசங்களுக்கு இப்ப ஐம்பது, அறுபதுதானே ஆகுது? நம்ம பக்கத்து வீட்டுக்காரரே இருக்காரே" என்றாள். அடித்துவிட்டேன்.

கோணம் கடைசியில் எப்படிக் கிடைத்தது என்றால், நாங்கள் மறைக்க நினைத்த இடத்திலிருந்து கிடைத்தது. நிருபர் மகள் மீண்டும் தொலைபேசியில் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தனை பேரைப் பேட்டி எடுத்தீங்க அங்கிள்?"

"இருபத்து மூணு பேரும்மா."

"இருபத்து மூணுதான் இருந்தாங்களா?"

"இல்லம்மா. பட்டியல்ல நாற்பத்தொண்ணு. ஆறு பேர் பேச முடியாத நிலைமை, வெளியூர்ல பிள்ளைங்ககிட்ட இருக்கிறவங்க. மீதிப் பன்னிரண்டு பேர்..." நான் கொஞ்சம் தயங்கினேன். "நாங்க போறதுக்குள்ள தவறிட்டாங்க. அதை எழுத வேண்டாம்னு தலைவர் சொன்னார். சங்கம் தாமதம் பண்ணிட்டுதுன்னு ஆயிடும்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. "அங்கிள், அதுதான் செய்தி" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒலிப்பதிவு வெளியீடு என்பது நம் வேலை. எண்பது வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு ஆழ்சுரங்கத்தின் நினைவும் போகிறது, 41இல் 12 ஏற்கெனவே போய்விட்டது என்பது ஊருக்கு நேர்ந்தது. அந்தக் கணக்கு வேறு யாரிடமும் இல்லை. நம் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. ஊரார் தாமே எடுத்த சிறு கணக்குக்கு நாளிதழில் இருக்கும் மதிப்பு எனக்கு அன்றுதான் புரிந்தது. தலைவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் பிடித்தது.

'ஏன் இன்று?' என்ற கேள்விக்கும் பதில் நம் கையிலேயே இருந்தது. பிப்ரவரி 28 சுரங்கம் மூடிய நாள். அதை நாங்கள் வெறும் விழாத் தேதியாக எழுதியிருந்தோமே தவிர, ஏன் அந்த நாள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். பெங்களூரில் 2001க்குப் பிறகு பிறந்த நிருபர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

பல முறை அடித்துத் திருத்தியபின் நின்ற வடிவம் இது.

பொருள்: தங்கவயல்: பதிவுக்கு முன்பே மறைந்த 12 சுரங்கக் குரல்கள்

"தங்கவயல் ஆழ்சுரங்கத்தில் வேலை செய்த முதியவர்கள் 41 பேரைப் பட்டியலிட்டோம்; குரலைப் பதிவு செய்யப் போவதற்குள் 12 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சியவர்களில் 23 பேரின் பேச்சைச் சுரங்கம் மூடிய நாளான பிப்ரவரி 28 அன்று முதன்முதலாகப் பொதுவில் ஒலிக்கச் செய்கிறோம்."

மொத்தம் 29 சொற்கள். பழைய கடிதம் இந்த அளவு ஓடியபோது 'நடைபெறவிருக்கும்' என்ற சொல்லில்தான் நின்றிருந்தது. தலைப்பில் ஊர்ப் பெயரை முதலில் வைத்ததற்குக் காரணம், கைப்பேசி தலைப்பின் வால்பகுதியை வெட்டினாலும் ஊர் தங்கும். கோலார் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நிருபருக்குத் தன் எல்லைக்குள் வரும் செய்தி என்று உடனே தெரியும். முதல் வரியில் நேர்ந்தது என்ன, இரண்டாம் வரியில் இப்போது நடக்கப்போவது என்ன, அதுவும் ஏன் அந்த நாளில் என்பது. சங்கத்தின் பெயர் இரண்டிலும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அனுப்புநர் இடத்தில் அது தானாகவே தெரிகிறது.

வணக்கம் சொல்லாமல் எழுதுவது மரியாதையா என்று சிலர் கேட்டார்கள். நிருபரின் பெயரைப் போட்டு 'வணக்கம்' என்று ஒரே சொல் எழுதலாம், தவறில்லை. பெயர் தெரிந்து எழுதுவதே பாதி மரியாதை. நாளிதழில் வரும் கட்டுரைகளின் மேலே எழுதியவர் பெயர் இருக்கும். நம் மாவட்டச் செய்தியை யார் எழுதுகிறார் என்று ஒரு மாதம் கவனித்தால் தெரிந்துவிடும்.

இரண்டு வரிக்குக் கீழே, நிருபர் வேலையைத் தொடங்குவதற்கு வேண்டியதை மட்டும் சிறு பத்தியாக வைத்தோம். பேசச் சம்மதித்திருக்கும் இரண்டு பெரியவர்களை விழாவுக்கு முன்பே அவர்கள் வீட்டில் பார்க்கலாம். ஒருவருக்குச் சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோய், காலையில் மட்டுமே சற்று நேரம் பேச முடியும். அவர் பேச்சிலிருந்து ஒரு நிமிடத் துண்டு இணைப்பில் இருக்கிறது. பிறகு என் தொலைபேசி எண். அந்தப் பெரியவர்களின் பெயரையோ முகவரியையோ கடிதத்தில் எழுதவில்லை. சம்மதம் இருந்தாலும், ஏழு அலுவலகங்களுக்குப் போகும் மின்னஞ்சலில் நோயாளி ஒருவரின் விலாசம் இருப்பது சரியல்ல என்று பட்டது. அழைப்பிதழ்க் கோப்பை இணைக்கவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை செய்தோம். முதலாவது, மின்னஞ்சலை என் பேரனின் கைப்பேசிக்கு அனுப்பி, திறக்காமலேயே திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்தோம். தலைப்பு முழுதும் தெரியவில்லை, 'மறைந்த 12' வரை தெரிந்தது. அது போதும் என்று விட்டோம். இரண்டாவது சோதனை இன்னும் உதவியாக இருந்தது. சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் அந்த இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டி, என்ன விஷயம் என்று திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். நான் மருந்துக்கடைக்காரரிடம் வாசித்தேன். முந்தைய வடிவத்தைக் கேட்டபோது "ஏதோ சங்க விழா போல" என்றவர், இதைக் கேட்டதும் "அடப்பாவமே, பன்னிரண்டு பேர் சொல்லாமலே போயிட்டாங்களா?" என்றார். திருப்பிச் சொல்பவர் வாயில் 'ஏதோ' என்ற சொல் வந்தால் கோணம் இன்னும் தெளியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்னட, ஆங்கில நாளிதழ்களுக்கும் இதே வரிசையில்தான் மொழிபெயர்த்து அனுப்பினோம். ஆனால் எல்லா நிருபருக்கும் ஒரே கோணம் பொருந்தாது. எங்கள் 23 பேரில் ஒருவர், டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளின் கருவிகளைக் கூண்டில் இறக்கியதைப் பற்றிப் பேசியிருக்கிறார். 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்த அந்த ஆய்வகத்தில், ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை 1965இல் கண்டறிந்தார்கள். உலகில் அதை முதலில் கண்ட இரண்டு குழுக்களில் அது ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இருந்தது. விஞ்ஞானப் பக்கம் எழுதும் நிருபருக்கு 41, 12, 23 என்ற கணக்கைவிட இதுதான் செய்தி. அவருக்காக வேறு இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "1965இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த தங்கவயல் ஆய்வகத்துக்குக் கருவிகளை இறக்கிய தொழிலாளி ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அந்த நாட்களைப் பற்றி அவர் பேசிய பதிவு எங்களிடம் உள்ளது." பெரியவரின் பிள்ளைகள் சம்மதம் சொன்னதும் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஏழில் இரண்டு பேரிடமிருந்துதான் பதில் வந்தது. அதில் ஒருவர் அன்றே "இந்த வாரம் இடமில்லை" என்று எழுதிவிட்டார். அதுவும் எங்களுக்கு உதவிதான், அவரை மீண்டும் மீண்டும் தொந்தரவு செய்யாமல் விட முடிந்தது. மற்றவர்களுக்கு மூன்றாம் நாள் ஒரே ஒருமுறை நினைவூட்டினேன். அதற்கு மேல் எழுதவில்லை. பெரிய விபத்தோ தேர்தலோ வந்துவிட்டால் எவ்வளவு தெளிவான கடிதமும் அடியில் போய்விடும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

வந்த நிருபர் விழாவுக்கு வரவில்லை. இரண்டு நாள் முன்பே காலை வண்டியில் வந்து இறங்கி, மூச்சுத் திணறும் அந்தப் பெரியவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பாறை வெடிப்பு நேர்ந்த ஓர் இரவைப் பற்றி எங்கள் பதிவில் இல்லாத சிலவற்றையும் அவர் கேட்டு வாங்கிவிட்டார். 28ஆம் தேதி காலை நாளிதழில் அரைப்பக்கம் வந்தது. சங்கத்தின் பெயர் ஏழாவது பத்தியில் ஒரே இடத்தில் இருந்தது. தலைவரின் பெயர் எங்கும் இல்லை. அவர் அன்று மாலை மேடையில் என்னுடன் அதிகம் பேசவில்லை.

அந்த வாரத்தில் ஐந்து குடும்பத்தார் தாங்களே தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், வந்து பதிவு செய்யுங்கள் என்றார்கள். அதில் ஒருவருக்கு 91 வயது. இம்முறை ஞாயிறா சனியா என்று பேசிக்கொண்டிருக்காமல் மறுநாளே கிளம்பிவிட்டோம்.